விற்பனையில் 4 சதவீதம் என்கிறார், எந்த விற்பனையில்?

*"கோவையில் வீட்டிலிருந்தபடியே ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், கூகுள் விளம்பரங்களை நிர்வகித்துத் தருகிறேன். நிறுவன வேலையை விட்டு ஓராண்டு ஆகிறது. எல்லோரிடமும் விளம்பரச் செலவில் சதவீதம்தான் வாங்குகிறேன். திருப்பூரில் இணையத்தில் குழந்தைகள் உடை விற்கும் ஒருவர் மாதம் 3 லட்சம் ரூபாய் விளம்பரத்துக்குச் செலவிடுகிறார். 12 சதவீதம், அதாவது 36,000 ரூபாய் எனக்குத் தருகிறார். இப்போது அவர், 'செலவைக் கூட்டினால் உங்களுக்கு லாபம், எனக்கு என்ன? இனி விற்பனையில் 4 சதவீதம் தருகிறேன்' என்கிறார். இன்னொருவர் தோல் மருத்துவர். மாதம் 40,000 செலவு, 15 சதவீதத்தில் எனக்கு 6,000 வருகிறது. திருப்பூருக்கு மாதம் 45 மணி நேரம் போகிறது. டாக்டருக்கு 20 மணி நேரம். நிலையான மாதக் கட்டணம் பேசச் சொல்கிறார்கள் நண்பர்கள். மூன்றில் எது சரி? திருப்பூர்க்காரரின் போன மாதக் கணக்கை இணைத்திருக்கிறேன்."*

*— ஒரு வாசகர், கோவை*

நல்லவேளை, கணக்கையும் சேர்த்து அனுப்பினீர்கள். இல்லாவிட்டால் "அது தொழிலைப் பொறுத்தது" என்று எல்லோரும் சொல்வதைத்தான் நானும் சொல்லியிருப்பேன்.

திருப்பூர்க்காரர் மீது வருத்தப்படாதீர்கள். அவர் கேட்பது நியாயமான கேள்வி. ஆனால் அவர் சொல்லும் தீர்வு அவருக்கே உதவாது. அது ஏன் என்பதை அவருடைய எண்களை வைத்தே பார்க்கலாம்.

"விற்பனையில் 4 சதவீதம்" என்கிறார். எந்த விற்பனை? நீங்கள் அனுப்பிய தாளிலேயே நான்கு விற்பனைகள் இருக்கின்றன. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜர் 1,050 ஆர்டர்கள் தன்னால் வந்தவை என்கிறது. கூகுள் 310 ஆர்டர்கள் தன்னுடையவை என்கிறது. இரண்டையும் கூட்டினால் 1,360. ஆனால் அவருடைய கடையின் கணக்கில் மாதம் முழுவதும் வந்ததே 1,200 ஆர்டர்கள்தான். இது யாரும் செய்த மோசடி அல்ல. ஒரு தாய் மதியம் இன்ஸ்டாகிராமில் கவுன் படத்தைப் பார்த்துச் சொடுக்குகிறார். இரவு கடையின் பெயரைக் கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி உள்ளே போய் வாங்குகிறார். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், சொடுக்கிய 7 நாளுக்குள் வாங்கினாலும், சொடுக்காமல் வெறுமனே பார்த்த 1 நாளுக்குள் வாங்கினாலும் அந்த ஆர்டர் மெட்டாவின் கணக்கில் ஏறும். கூகுளின் வழக்கமான அளவு சொடுக்கியதிலிருந்து 30 நாள். ஆக ஒரே கவுனுக்கு இரண்டு பேரும் உரிமை கொண்டாடுகிறார்கள். விளம்பரமே இல்லாவிட்டாலும் வாங்கியிருக்கக்கூடிய பழைய வாடிக்கையாளர்களும் இந்த 1,360-க்குள் அடக்கம். அவர் விளம்பரம் தொடங்குவதற்கு முன்பே மாதம் சுமார் 200 ஆர்டர்கள் தானாக வந்துகொண்டிருந்தன என்று நீங்களே குறித்திருக்கிறீர்கள்.

அடுத்தது, ஆர்டர் வேறு, கைக்கு வந்த பணம் வேறு. 1,200-ல் 800 கேஷ் ஆன் டெலிவரி. முன்பணம் கட்டியவை 400. கேஷ் ஆன் டெலிவரியில் 200 பார்சல்கள் திரும்பி வந்திருக்கின்றன. முன்பணம் கட்டியதில் 20 திரும்பியிருக்கின்றன. வாடிக்கையாளர் வீட்டில் நின்றவை 980. மெட்டாவுக்கு இது தெரியாது. "ஆர்டர் உறுதி" பக்கம் திறந்த நொடியிலேயே அது ஒரு விற்பனை என்று எழுதிக்கொள்கிறது. பத்து நாள் கழித்து அந்தப் பார்சல் திருப்பூருக்கே திரும்பி வந்தாலும் எழுதியதை அழிப்பதில்லை.

சராசரி ஆர்டர் 900 ரூபாய். கடைக் கணக்குப்படி விற்பனை 10,80,000. மெட்டாவின் கணக்குப்படி 9,45,000. கையில் நின்ற 980 ஆர்டர்களில் உடைக்கான 5 சதவீத ஜி.எஸ்.டி.யைக் கழித்தால் 8,40,000. நான்கு சதவீதம் என்பது முதல் கணக்கில் 43,200, இரண்டாவதில் 37,800, மூன்றாவதில் 33,600. மெட்டாவையும் கூகுளையும் கூட்டிக் கேட்கிற துணிச்சல் உங்களுக்கு இருந்தால் 48,960. ஒரே வாய்ப்பேச்சு, நான்கு சம்பளம். நீங்கள் 43,200 என்று நினைத்துத் தலையாட்டுவீர்கள், அவர் 33,600 என்று நினைத்துக் கைகுலுக்குவார். முதல் மாதம் பில் போடும்போது சண்டை வரும்.

அளவை எழுதிக்கொண்டால் இந்தச் சண்டையைத் தவிர்த்துவிடலாம். அதனால் இது பெரிய குறை அல்ல. பெரிய குறை அவருடைய லாபக் கணக்கில் இருக்கிறது.

கையில் நின்ற 8,40,000 ரூபாயில் துணி, தையல், பிரிண்டிங் எல்லாம் சேர்த்து 40 சதவீதம், அதாவது 3,36,000. கூரியருக்கு ஆர்டருக்கு 65, பையும் அட்டையும் 20. 1,200 பார்சலுக்கு 1,02,000. திரும்பி வந்த 220 பார்சலுக்குத் திரும்பும் கூலி தலா 55 வீதம் சுமார் 12,000. இவற்றையெல்லாம் கழித்தால் 3,90,000 மிஞ்சுகிறது. அதிலிருந்து விளம்பரத்துக்கு 3 லட்சம். மீதி 90,000. இந்த 90,000-லிருந்துதான் உங்கள் 36,000 போகிறது. கிடங்கு வாடகையும் ஆட்கள் சம்பளமும் இன்னும் கழியவில்லை. அவர் ஏன் உங்கள் கட்டணத்தைப் பற்றிப் பேச்செடுத்தார் என்பது இப்போது விளங்கியிருக்கும்.

சரி, நாளை அவர் விளம்பரச் செலவை 5 லட்சமாக ஏற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 3 லட்சத்தில் விளம்பரத்தால் வந்தவை, தானாக வந்த 200-ஐ விட்டால், 1,000 ஆர்டர்கள். ஒன்றுக்கு 300 ரூபாய். அடுத்த 2 லட்சமும் அதே விலைக்கு ஆர்டர் கொண்டுவராது. வாங்கத் தயாராக இருந்தவர்களை முதல் பணத்திலேயே பிடித்துவிட்டீர்கள். இனிக் கூடுதல் பணம் அதே ஆட்களுக்கு அதே படத்தை நான்காவது, ஐந்தாவது முறை காட்டும்; அல்லது அவ்வளவாக ஆர்வமில்லாதவர்களைத் தேடிப் போகும். 2 லட்சத்துக்கு 450 ஆர்டர்கள் வந்தால் நல்ல வேலை என்றுதான் சொல்வேன். ஒன்றுக்கு 444 ரூபாய் ஆகிறது. அந்த 450-ல் முன்போலவே திரும்பியவை போக 368 நிற்கும். துணி, கூரியர் எல்லாம் போக அவற்றிலிருந்து கிடைப்பது சுமார் 1,46,000. போட்டது 2 லட்சம். கூடுதல் செலவில் மட்டும் 54,000 நட்டம். 90,000-மாக இருந்த மீதி 36,000-மாகச் சுருங்கிவிட்டது.

இப்போது உங்கள் கட்டணத்தைப் பாருங்கள். செலவில் 12 சதவீதம் என்றால் 60,000. அவருடைய மீதியையும் தாண்டி அவர் கைப்பணத்திலிருந்து 24,000 தர வேண்டும். சரி, அவர் விரும்பிய விற்பனைப் பங்கு? மிகக் கறாரான அளவில், கையில் நின்ற 1,348 ஆர்டர்களுக்கு ஜி.எஸ்.டி. கழித்துக் கணக்கிட்டாலும் சுமார் 46,000. அப்போதும் அவருக்கு 10,000 நட்டம். இரண்டு முறையிலும் அவருடைய லாபம் தேய்ந்த மாதத்தில் உங்கள் வருமானம் வளர்ந்திருக்கிறது. செலவைக் கூட்டினால் உங்களுக்குக் கூலி என்பதைத் தவிர்க்க நினைத்து, விற்பனையைக் கூட்டினால் உங்களுக்குக் கூலி என்று மாற்றுகிறார். விற்பனையைக் கூட்ட எளிய வழி செலவைக் கூட்டுவதுதானே!

விற்பனைப் பங்கில் இன்னொரு சபலமும் ஒளிந்திருக்கிறது. கடையின் பெயரையே கூகுளில் தேடுகிறவர்களுக்கு விளம்பரம் காட்டினால் ஆர்டர் மிக மலிவாக விழும். அவர்களில் பெரும்பாலோர் எப்படியும் வரப்போகிறவர்கள். உங்கள் கூகுள் கணக்கின் 310-ல் எத்தனை இந்த வகை என்று தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து பாருங்கள். அறிக்கையில் இது பளபளவென்று தெரியும். அவர் கல்லாவில் புதிதாக ஒன்றும் சேராது.

இனி உங்கள் பக்கத்து நட்டத்தைச் சொல்கிறேன். பலனுக்கு ஏற்ற கூலி என்று ஒப்புக்கொண்டால், பலனைத் தீர்மானிக்கிற எல்லாவற்றையும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்கிறீர்கள். அவற்றில் பாதி உங்கள் கையில் இல்லை. நீங்கள் ஓட்டும் விளம்பரத்தில் உள்ள கவுனின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். 4–5 வயது, 5–6 வயது அளவுகள் தீர்ந்து, 1–2 வயதும் 11–12 வயதும் மட்டும் மிஞ்சியிருந்தால், வருகிறவர்கள் சும்மா திரும்பிப் போவார்கள். சொடுக்குக்கான பணம் போய்விட்டது. ஸ்டாக் நிரப்ப வேண்டியது அவர். கேஷ் ஆன் டெலிவரி ஆர்டர் பட்டியலையும் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள்: ஒரே கைபேசி எண்ணிலிருந்து மூன்று ஆர்டர்கள், கதவு எண் இல்லாமல் "பஸ் ஸ்டாண்டு பக்கம்" என்று மட்டும் ஒரு முகவரி, ஒன்பது இலக்கத்தில் ஒரு போன் எண். இவற்றை அனுப்புவதற்கு முன் ஒருவர் போன் செய்து உறுதிப்படுத்தினால் திரும்பி வரும் பார்சல் குறையும். அந்த ஒருவரை வேலைக்கு வைக்க வேண்டியது அவர். அவர் வைக்காவிட்டால் நட்டம் உங்களுக்கு.

அப்படியென்றால் செலவில் சதவீதம் என்பது முட்டாள்தனமா? இல்லை. அது வேறொரு காலத்திலிருந்து வந்த பழக்கம். பத்திரிகை விளம்பரத்தில், அங்கீகாரம் பெற்ற ஏஜென்சிக்கு 15 சதவீதக் கமிஷன் என்பது நெடுநாள் வழக்கம். அதைக் கொடுத்தது பத்திரிகை; விளம்பரக் கட்டணத்துக்குள்ளேயே அது அடக்கம். மெட்டாவும் கூகுளும் உங்களுக்கு அப்படித் தருவதில்லை. விளம்பரதாரர் செலவுக்கு மேலே தனியாகத் தருகிறார். அதனால்தான் அவர் கண்ணை அது உறுத்துகிறது. ஆனாலும் அந்த முறைக்கு ஒரு பெரிய நன்மை உண்டு: எண்ணைப் பற்றித் தகராறு வராது. மெட்டாவின் பில்லைத் திறந்தால் செலவு எழுதியிருக்கிறது. செலவு பெரிதானால் பொறுப்பும் பெரிதாகிறது என்பதும் உண்மைதான். மாதம் 40,000 ஓட்டுகிற கணக்கில் ஒரு நாள் பட்ஜெட்டில் கைதவறி ஒரு பூஜ்ஜியம் கூடிவிட்டால் வரும் நட்டமும், 3 லட்சம் ஓட்டுகிற கணக்கில் வரும் நட்டமும் ஒன்றல்ல.

அதன் கோளாறு வெளிப்படுவது செலவைக் குறைக்க வேண்டிய மாதத்தில். தீபாவளி முடிந்த மறுவாரம் குழந்தைகள் உடைக்கு யார் வருவார்கள்? "இந்த மாதம் பாதியாகக் குறைத்துவிடுங்கள்" என்பதுதான் நேர்மையான ஆலோசனை. அதைச் சொன்னால் உங்கள் 36,000 பாதியாகிறது. எல்லோரும் அயோக்கியர்கள் என்று நான் சொல்லவில்லை. நல்ல ஆளும் அந்த வாரம் சொல்ல வேண்டியதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போடுவார். இன்னொன்று சின்ன விஷயம்தான், ஆனால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சதவீதம் என்பது ஜி.எஸ்.டி. சேர்க்காத செலவுக்கு. 3 லட்சத்துக்கு 18 சதவீதம் சேர்த்தால் பில் 3,54,000. 12 சதவீதம் அதில் போட்டால் 6,480 ரூபாய் கூடுதலாக வாங்குகிறீர்கள். வரிக்குக் கமிஷன் கேட்பது நன்றாக இருக்காது.

திருப்பூர்க்காரருக்கு நான் போடச் சொல்லும் கணக்கு இது. மாதம் 28,000 ரூபாய் நிலையான கட்டணம். விளம்பரச் செலவு 4 லட்சம் வரை இதுதான். மூன்று மாதச் சராசரிச் செலவு 4 லட்சத்தைத் தாண்டினால் 36,000. ஒரு மாதம் ஏற்றினார் என்பதற்காக உங்கள் கட்டணம் ஏறக்கூடாது. ஒரு மாதம் இறக்கினார் என்பதற்காக இறங்கவும் கூடாது. அதற்குத்தான் சராசரி.

அதற்கு மேலே ஓர் ஊக்கத்தொகை. வாடிக்கையாளர் வீட்டில் நின்ற ஆர்டர்கள் 800-ஐத் தாண்டினால், தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 50 ரூபாய். ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த மாத மொத்த விளம்பரச் செலவை, நின்ற மொத்த ஆர்டர்களால் வகுத்தால் வருகிற தொகை 320 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். தாண்டினால் ஊக்கத்தொகை கிடையாது.

320 எங்கிருந்து வந்தது? விளம்பரத்துக்கு முன் மிஞ்சிய 3,90,000-ஐ 980-ஆல் வகுத்தால் ஓர் ஆர்டருக்கு 398. அதுதான் அவருடைய உச்சவரம்பு. அதற்கு மேல் செலவிட்டால் நட்டம். போன மாதம் ஆனது 306. இரண்டுக்கும் இடையில், அவர் பக்கம் சாய்ந்த ஓர் எண் 320. இந்தக் கணக்கில் மெட்டா என்ன சொன்னது, கூகுள் என்ன சொன்னது என்ற பேச்சே எழவில்லை என்பதைக் கவனியுங்கள். மொத்தச் செலவு பில்லில் இருக்கிறது. நின்ற ஆர்டர்கள் கூரியர் அறிக்கையில் இருக்கின்றன. எந்த ஆர்டர் யாரால் வந்தது என்று நீங்கள் இருவரும் வாதாட வேண்டியதில்லை.

போன மாதத்தை இதில் போட்டுப் பார்த்தால்: நின்றவை 980, தாண்டியவை 180, ஊக்கத்தொகை 9,000. மொத்தம் 37,000. ஏறக்குறைய இப்போது வாங்குவதே. அதே 3 லட்சத்தில் நீங்கள் நல்ல விளம்பரங்கள் செய்து 1,100 நின்றால் 43,000 வாங்குவீர்கள். கூடுதலாக நின்ற 120 ஆர்டர்களில் அவருக்கு சுமார் 48,000 கிடைக்கும், அதில் உங்களுக்குப் போவது 6,000. இந்தப் பேரத்தில் அவருக்கு வயிற்றெரிச்சல் வராது. முன்பு பார்த்த 5 லட்ச மாதத்தை இதில் போடுங்கள்: 5 லட்சத்தை 1,348-ஆல் வகுத்தால் 371. ஊக்கத்தொகை பூஜ்ஜியம், உங்களுக்கு 28,000 மட்டும். அவர் ஆசைப்பட்டுச் செலவை ஏற்றச் சொன்னாலும் "வேண்டாம்" என்று சொல்ல உங்களுக்கு இப்போது சொந்தக் காரணம் இருக்கிறது. மறுபக்கம், 320-க்குள் நிற்பதற்காகச் செலவை ஒரேயடியாக வெட்டிவிட்டு, தானாக வரும் ஆர்டர்களைக் காட்டிப் பெயர் வாங்கவும் முடியாது. ஆர்டர் 800-க்குக் கீழே போனால் எதுவும் கிடைக்காது.

800 என்ற எண்ணில் அவர் பேரம் பேசுவார். 900-க்கு மேல் விட்டுக்கொடுக்காதீர்கள். இன்றைய 980-ஐயே தொடக்கமாக வைத்தால் அது ஊக்கத்தொகை என்ற பெயரில் வரும் சம்பள வெட்டு.

ஊக்கத்தொகையை அந்த மாதம் முடிந்ததும் கேட்காதீர்கள். 30-ஆம் தேதி போட்ட ஆர்டர் திரும்பி வருவதானால் அடுத்த மாதம் நடுவில்தான் வந்து சேரும். அடுத்த மாதம் 25-ஆம் தேதி கூரியர் அறிக்கையை வைத்துக் கணக்கு முடிப்பது என்று எழுதுங்கள். 28,000 மட்டும் மாதத் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும். விளம்பரத்தில் காட்டுகிற உடையில் பாதிக்கு மேற்பட்ட அளவுகள் தீர்ந்து ஐந்து நாளுக்கு மேல் ஆனால், அந்த மாதத்துக்கு 800 என்ற எல்லை 700 ஆகும் என்றும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரிக்காகவே அவர் ஸ்டாக்கை ஒழுங்காகப் பார்ப்பார்.

டாக்டருக்கு வருவோம். இங்கே ஊக்கத்தொகை, பங்கு எதுவும் வேண்டாம். ஒரு நோயாளிக்கு இவ்வளவு என்று பேசினால் அவருக்கே சிக்கல்: நோயாளியை அனுப்பி வைப்பதற்குக் கமிஷன் கொடுப்பதையும் வாங்குவதையும் மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள் தடைசெய்கின்றன. (விளம்பரத்தில் எதைச் சொல்லலாம் என்பதற்கும் அதே விதிகளில் கட்டுப்பாடு உண்டு; அதைத் தனியாகப் படித்துவிடுங்கள்.) விளம்பரத்தைப் பார்த்துப் பெயரும் எண்ணும் தருகிற ஒரு விசாரணைக்கு இவ்வளவு என்று பேசினால் சிக்கல் உங்களுக்கு. ஃபேஸ்புக்குக்குள்ளேயே திறக்கும் உடனடிப் படிவத்தில் பெயரும் எண்ணும் தானாக நிரம்பியிருக்கும்; விரல் பட்டாலே விசாரணை. எண்ணிக்கை கொட்டும், விலையும் மலிவு. கிளினிக் வரவேற்பாளர் இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டால் "நான் எதுவும் கேட்கவில்லையே" என்பார்கள். எண்ணிக்கைக்குக் கூலி என்று இருந்தால் அந்தப் படிவத்தை விட்டுவிட உங்களுக்கு மனம் வராது.

ஆக, மாதக் கட்டணம். எவ்வளவு? திருப்பூரில் உங்களுக்கு மணிக்கு 800 ரூபாய் விழுகிறது. டாக்டரிடம் 300. அதே 800-ஐ 20 மணி நேரத்துக்குக் கேட்டால் 16,000. விளம்பரத்துக்கு 40,000 செலவிடுகிறவர், அதை நடத்துகிறவருக்கு 16,000 தருவாரா? தர மாட்டார், தரக்கூடாது என்றும் சொல்வேன். சின்னச் செலவுக் கணக்குகளில் எந்தக் கட்டண முறையை எடுத்தாலும் இந்த இடத்தில் வந்து இடிக்கும். கட்டணத்தை ஏற்றுவதற்கு முன் வேலையைக் குறைக்க வேண்டும்.

எதைக் குறைப்பது? அவருக்கு எத்தனை ஆட் செட், அதாவது ஒரே வகைப் பார்வையாளர்களுக்கான விளம்பரத் தொகுப்பு, ஓட்டுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முடி உதிர்தலுக்கு ஒன்று, முகப்பருவுக்கு ஒன்று, தழும்புக்கு ஒன்று, லேசருக்கு ஒன்று என்று நான்காகப் பிரித்திருந்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்காது. யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று மெட்டா பழகிக்கொள்ளும் கற்றல் கட்டத்தை ஓர் ஆட் செட் தாண்ட வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் தேவை என்பது மெட்டாவின் கணக்கு. ஒரு விசாரணைக்கு 200 ரூபாய் ஆகிறது என்று வைத்தால் 40,000-க்கு மாதம் 200, வாரத்துக்கு 50 கூட இல்லை. நான்காகப் பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு கூடத் தேறாது. நான்கும் கற்றுக்கொண்டே இருக்கும். நீங்கள் நான்கையும் தினமும் எட்டிப் பார்த்துத் திருத்திக்கொண்டே இருப்பீர்கள், பெரிய திருத்தம் ஒவ்வொன்றும் கற்றலை மறுபடி முதலிலிருந்து தொடங்க வைக்கும். எல்லாவற்றையும் ஒரே ஆட் செட்டுக்குள் கொண்டுவாருங்கள். மாதம் இரண்டு புதிய விளம்பரங்கள், வாரம் ஒரு முறை கணக்கைப் பார்ப்பது, மாதம் ஒரு அறிக்கை, மாதம் ஒரு முறை வரவேற்பாளரோடு அரை மணி நேரம் உட்கார்ந்து எந்த எண்கள் தவறு, யார் வந்தார்கள் என்று கேட்பது. அவ்வளவுதான் வேலை என்று எழுத்தில் கொடுங்கள். 14 மணி நேரத்துக்குள் முடியும். 12,000 கேளுங்கள். அதற்கு மேல் கேட்கும் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் 1,500. அவர் 12,000-க்கும் வராவிட்டால், விட்டுவிடுவதுதான் லாபம். மணிக்கு 300-க்கு நீங்கள் நிறுவன வேலையை விட்டிருக்க வேண்டியதில்லை.

பணம் போகும் வழி பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். விளம்பரச் செலவு உங்கள் கார்டு வழியாகப் போகக்கூடாது. பில் உங்கள் பெயரில் வந்து, நீங்கள் கட்டணத்தையும் சேர்த்து அவருக்கு ஒரே பில் போட்டால், திருப்பூர் ஒன்றில் மட்டும் ஆண்டுக்கு 36 லட்சத்துக்கு மேல் உங்கள் வரவாகத் தெரியும். சேவைகளுக்கான ஜி.எஸ்.டி. பதிவு எல்லை 20 லட்சம். உங்கள் சொந்தக் கட்டணம் அதன் பக்கத்தில்கூட வராது. அடுத்தவர் பணத்துக்காக நீங்கள் பதிவு செய்து நிற்பீர்கள். அவர் கார்டை அவருடைய விளம்பரக் கணக்கில் ஏற்றச் சொல்லுங்கள். அந்தக் கணக்கின் பில்லிங் அமைப்பில் அவருடைய ஜி.எஸ்.டி. எண் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மாதம் 54,000 ரூபாய் வரியை அவர் உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, தான் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது அவருடைய 90,000-லிருந்து போகிறது. கட்டணப் பேச்சுக்கு உட்காருவதற்கு முன் இதைப் பாருங்கள். எண் ஏற்றப்படாமல் இருந்து நீங்கள் கண்டுபிடித்துச் சொன்னால், அன்றைக்கு 28,000-க்கு அதிகம் வாதாட வேண்டியிருக்காது.

புதிய ஏற்பாட்டைத் தீபாவளிக்கு முந்தைய மாதத்தில் தொடங்காதீர்கள். அந்த மாத ஆர்டர்களை வைத்து 800-ஐ 1,500 ஆக்கிவிடுவார். பள்ளி திறப்பும் பண்டிகையும் இல்லாத ஒரு சாதாரண மாதத்தில் தொடங்கி, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்து, 320-ஐயும் 800-ஐயும் மறுபடி உட்கார்ந்து பேசுவது என்று எழுதிக்கொள்ளுங்கள். துணி விலை ஏறினால் அந்த 398 மாறும். அப்போது 320-உம் மாற வேண்டும்.